ரிப்போர்ட்டில் கரியின் ரேங்கைப் படிப்பது எப்படி?

அனல்மின் நிலைய ஆய்வுக்கூடத்தில் புதிதாகச் சேரும் கெமிஸ்டின் மேசைக்கு மூன்று சாம்பிள்கள் வருவதாக வைத்துக்கொள்வோம். நெய்வேலி லிக்னைட்: ஈரம் 52 சதவீதம், சாம்பல் 4, ஜி.சி.வி. என்கிற மொத்த வெப்ப மதிப்பு கிலோவுக்கு 2700 கிலோகலோரி. கப்பலில் வந்த இந்தோனேசியக் கரி: ஈரம் 30, சாம்பல் 5, வெப்பம் 4200. ஒடிசாவின் தால்சேரிலிருந்து பாரதீப் துறைமுகம் வழியாக வந்தது: ஈரம் 12, சாம்பல் 38, வெப்பம் 3600.

இவற்றில் ரேங்க் அதிகமான கரி எது? வெப்பம் கூடுதல் என்பதால் இந்தோனேசியக் கரியைச் சொல்லத் தோன்றும். அது தப்பு. இந்தத் தப்பை நேர்முகத் தேர்விலும் செய்கிறார்கள், வேலையில் சேர்ந்து சில வருடம் ஆனவர்களும் செய்கிறார்கள்.

ரேங்க் என்பது அந்தத் தாவரப் பொருள் மண்ணுக்கடியில் எவ்வளவு வெந்திருக்கிறது என்பதன் அளவு. கிரேடு வேறு. கோல் இந்தியாவின் ஜி1 முதல் ஜி17 வரையிலான கிரேடுகள் ஒரு கிலோவில் எவ்வளவு வெப்பம் என்று பார்த்து விலை போடுவதற்கானவை. ஈரமும் சாம்பலும் அந்தக் கிலோவில் இடம் பிடிக்குமே தவிர எரிந்து சூடு தராது. ஆகவே ரேங்க் தெரிய வேண்டுமானால் அவை இரண்டையும் கழித்துவிட்டு, எரியும் பகுதிக்கு மட்டும் வெப்பத்தைக் கணக்கிட வேண்டும்.

லிக்னைட்டில் எரியும் பகுதி 44 சதவீதம்; 2700-ஐ 0.44-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 6140. இந்தோனேசியக் கரிக்கு 4200-ஐ 0.65-ஆல் வகுத்தால் 6460. தால்சேர் கரிக்கு 3600-ஐ 0.50-ஆல் வகுத்தால் 7200. முதல் இரண்டு இடங்கள் மாறிவிட்டன. தால்சேர் கரி பெர்மியன் காலத்தது. வெந்தது அதிகம், ஆனால் உருவானபோதே ஆற்று வண்டலும் களிமண்ணும் உள்ளே கலந்துவிட்டன. கழுவினாலும் முழுதாகப் பிரியாத சாம்பல் அது. இத்தனை சாம்பல் உள்ள கரியில் இந்தக் கணக்கு ரேங்கைச் சற்றுக் குறைத்தே காட்டும். உலையில் களிமண் தன்னுள் கட்டுண்ட நீரை இழப்பதால், நாம் எடை போடும் சாம்பல் உண்மையான கனிமத்தைவிடக் குறைவாக இருக்கும். சாம்பலை 1.08-ஆல் பெருக்கிக் கழித்தால் 7670-ஐ ஒட்டி வரும்.

இனி எரியும் பகுதிக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். நீர் தேங்கிய சதுப்பில் காற்றுப்படாமல் பாதி அழுகிய தாவரமே பீட். ஈரமும் சாம்பலும் போக அதில் கார்பன் 55 முதல் 60 சதவீதம் இருக்கும். மீதியில் பெரும்பங்கு ஆக்சிஜன். மேலே மண் படியப் படிய முதலில் அழுத்தம் நீரைப் பிழிகிறது. அது லிக்னைட் ஆகிறது, கார்பன் 70-ஐ நெருங்குகிறது. அதன்பின் வேலை செய்வது பெரும்பாலும் சூடுதான். ஆக்சிஜன் கார்பன் டை ஆக்சைடாகவும் நீராகவும் வெளியேறுகிறது. சப்-பிட்டுமினஸ் நிலையில் கார்பன் 75-ஐ ஒட்டியும், பிட்டுமினஸில் 78 முதல் 90 வரையும் போகும். ஆழம் கூடினால் ரேங்க் கூடும் என்பது 1873-இல் ஹில்ட் சொன்ன விதி. இதை மீறும் இடங்களும் உண்டு. ஜாரியா வயலில் எரிமலைக் குழம்பு கரிப் படுகைக்குள் புகுந்த இடங்களில், அதே ஆழத்தில் கரி வெந்து இயற்கைக் கோக்காகக் கிடக்கிறது. அங்கே அதன் பெயர் ஜாமா.

ஆக்சிஜன் போனால் ஏன் வெப்பம் கூடுகிறது? அது ஏற்கெனவே ஹைட்ரஜனையும் கார்பனையும் பிடித்து வைத்திருக்கிறது. அந்தப் பங்கு பாதி எரிந்த விறகுபோல. திரும்பக் கொளுத்தினால் பெரிதாக ஒன்றும் தராது. கணக்காகப் பார்க்க டூலாங் சூத்திரம் போதும். C, H, O, S ஆகியவற்றைப் பின்னமாக இட்டால் கிலோவுக்குக் கிலோகலோரி வரும்:

8080 C + 34500 (H − O/8) + 2240 S

லிக்னைட்டுக்குக் கார்பன் 0.70, ஹைட்ரஜன் 0.05, ஆக்சிஜன் 0.24 என்று இட்டு, கந்தகத்தை விட்டுவிட்டால் 6350 வரும். முதிர்ந்த பிட்டுமினஸுக்கு 0.90, 0.047, 0.03 என்று இட்டால் 8760.

ஆந்த்ரசைட்டுக்கு 0.95, 0.025, 0.02 என்று இட்டுப் பாருங்கள். 8450 வருகிறது. கார்பன் ஏறியிருக்கிறது, வெப்பம் இறங்கியிருக்கிறது! பிட்டுமினஸுக்கு அப்புறம் வெளியேறுவது முக்கியமாக மீத்தேன். ஒரு கார்பன் அணு போகும்போது நான்கு ஹைட்ரஜனை இழுத்துக்கொண்டு போகிறது. எடைக்கு எடை ஹைட்ரஜன் தரும் வெப்பமோ கார்பனைப்போல நான்கு மடங்குக்கு மேல். ஆகவே எரியும் பகுதிக் கணக்கில் வெப்பத்தின் உச்சி ஆந்த்ரசைட்டில் இல்லை, அதற்குச் சற்று முன்னே இருக்கிறது. தேர்வு வழிகாட்டிகளில் பல இதை நேர்க்கோடாகவே வரைகின்றன. அந்தப் படத்தை நம்பாதீர்கள். மேல் ரேங்குகளை ஏ.எஸ்.டி.எம். வகைப்பாடு வெப்பத்தை விட்டுவிட்டு நிலைக்கார்பனால் பிரிப்பதும் இதனால்தான். அந்தப் பகுதியில் வெப்பம் ரேங்கைச் சரியாகக் காட்டாது. கீழ் ரேங்குகளுக்கு வெப்பமே அளவுகோல்.

வேலையில் அடிக்கடி வரும் தகராறு லிக்னைட்டில்தான். ரயிலிலோ கன்வேயரிலோ எடுத்த சாம்பிளைப் பையைக் கட்டாமல் மதியம் முழுக்க வைத்துவிட்டால் 52 சதவீத ஈரம் 40-க்கு இறங்கிவிடும். அதே கரிதான், ஆனால் வெப்பம் 2700-இலிருந்து 3375 ஆகியிருக்கும். சாம்பல் 4-இலிருந்து 5 ஆகும். ஒரே லாட்டுக்கு இரண்டு ரிப்போர்ட், ஒன்றுக்கொன்று 25 சதவீதம் வித்தியாசம். முதலில் பாம் கலோரிமீட்டரைச் சந்தேகிப்பார்கள். நீங்கள் 3375-ஐ 0.55-ஆல் வகுத்துப் பாருங்கள். பழையபடி 6140 தான் வரும். எரியும் பகுதியின் எண் அசையவில்லை என்றால் போனது தண்ணீர் மட்டும். கருவியில் குறையில்லை, சாம்பிள் எடுத்த விதத்தில்தான் குறை. அந்த எண்ணும் இறங்கியிருந்தால், கரி வெயிலில் காற்றோடு சேர்ந்து ஆக்சிஜனை ஏற்றிக்கொண்டிருக்கலாம், அல்லது வேறு கரி கலந்திருக்கலாம். அதைத் தனியாகத் தேட வேண்டும்.

இன்னொரு இடறல் ஆவியாகும் பொருள் சோதனையில். மூடிய சிறு குடுவையில் ஒரு கிராம் பொடியை 900 டிகிரியில் 7 நிமிடம் வைப்பது வழக்கம். லிக்னைட்டை நேராக அந்தச் சூட்டில் தள்ளினால் நீராவி படபடவென்று கிளம்பி, பொடியையும் தூக்கிக்கொண்டு மூடியோரமாகத் தீப்பொறியாகப் பறக்கும். பறந்த கரியின் எடையும் ஆவிக் கணக்கில் சேர்ந்து, நிலைக்கார்பன் குறைவாக வந்துவிடும். மூடியின் அடியில் கரும்புள்ளிகள் தெரிந்தால் அந்தச் சோதனையைத் தள்ளிவிட்டு, மெதுவாகச் சூடேற்றும் முறையில் திரும்பச் செய்யுங்கள்.

பாய்லர் பக்கம் எண்ணைக் கொடுக்கும்போது ஒன்றைச் சேர்த்துச் சொல்லுங்கள். 2700 என்பது நீராவி திரும்பக் குளிர்ந்து தரும் சூட்டையும் சேர்த்த மொத்த மதிப்பு. பாய்லரிலோ நீராவி புகைபோக்கி வழியே போய்விடுகிறது. இந்த லிக்னைட்டில் கிலோவுக்கு 0.52 கிலோ ஈரம், ஹைட்ரஜன் எரிந்து உண்டாகும் நீர் சுமார் 0.2 கிலோ. இதை ஆவியாக்க 420 கிலோகலோரி போகும். நிகரமாக 2280 மிஞ்சும். லிக்னைட் பாய்லரைச் சுரங்கத்துக்குப் பக்கத்திலேயே கட்டுவதற்கு இந்தத் தண்ணீர்தான் காரணம்: பாதி எடை தண்ணீருக்கு யார் சரக்குக் கட்டணம் கட்டுவார்கள்?