கரடுமுரடான அந்த உருவம் என்ன சொல்லுது?

இந்த எபிசோடில் டோபாலஜி ஆப்டிமைசேஷன் பற்றிப் பேசினோம். காதால மட்டும் கேட்டுப் புரிஞ்சுக்கக் கஷ்டமான ஒரு பகுதி அதில் இருந்தது. சாஃப்ட்வேர் கடைசியில் தரும் அந்த எலும்பு மாதிரியான உருவத்தை எப்படி வாசிப்பது? அதை இங்கே எழுத்தில் பார்ப்போம்.

உதாரணத்துக்கு ஒரு நிஜ பிராக்கெட்டை எடுத்துக்கிறேன். 2013-இல் ஜிஇ நிறுவனம் கிராப்கேட் தளத்தில் ஒரு போட்டி நடத்தியது. ஜெட் எஞ்சினைத் தூக்கி நகர்த்தும்போது எடையைத் தாங்கும் டைட்டானியம் பிராக்கெட்தான் பொருள். கீழே நாலு போல்ட், மேலே இரண்டு காது, காதுகளைக் கோர்த்து ஒரு பின். எஞ்சினைத் தூக்குவது எப்போதாவதுதான். ஆனா பிராக்கெட் ஒவ்வொரு பயணத்திலும் கூடவே பறக்குது. பழைய வடிவத்தின் எடை சுமார் 2 கிலோ. வென்ற வடிவம் 327 கிராம்.

போட்டியில் நாலு லோட் கேஸ் கொடுத்திருந்தாங்க. மேல்நோக்கி சுமார் 35.6 கிலோநியூட்டன், கிடையாக 37.8, செங்குத்திலிருந்து 42 டிகிரி சாய்வாக 42.3, நாலாவதாக சுமார் 565 நியூட்டன் மீட்டர் முறுக்கு. நாலும் ஒரே நேரத்தில் வராது, தனித்தனியாகத்தான் வரும்.

முதலில் பிராக்கெட் இருக்கக்கூடிய இடம் முழுவதையும் ஒரு கட்டியாக நிரப்பிடுவேன். போல்ட் துளைகளையும் பின் துளைகளையும் சுற்றி ஒரு வளையத்தைத் தொடக்கூடாதுன்னு பூட்டிடுவேன். பிறகு சாஃப்ட்வேரிடம் கேட்பது இதுதான்: "30 சதவீதப் பொருளை மட்டும் வச்சுக்கோ, முடிஞ்ச வரை விறைப்பா இரு."

அது கட்டியைச் சின்னச் சின்னத் துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் 0-இலிருந்து 1 வரை ஒரு அடர்த்தி கொடுக்கும். பரவலாகப் பயன்படும் முறையில் விறைப்புக்கான கணக்கு இது:

```
E = ρ³ × E₀
```

அடர்த்தி பாதி என்றால் விறைப்பு எட்டில் ஒரு பங்குதான். பாதி எடைக்கு அவ்வளவு குறைவான விறைப்பு நஷ்டம் என்பதால், துண்டுகள் 0 பக்கமோ 1 பக்கமோ தள்ளப்படும். நடுவில் நிற்பவை சாம்பல் நிறப் பகுதிகள். அங்கே சாஃப்ட்வேர் இன்னும் முடிவெடுக்கலை.

இப்போ வாசிக்கலாம். திரையில் ஒரு ஸ்லைடர் இருக்கும், எந்த அடர்த்திக்கு மேல் காட்டணும்னு அது தீர்மானிக்கும். 0.5-இல் பாருங்க, அப்புறம் 0.3-க்கு இறக்கிப் பாருங்க. இரண்டிலும் தடிமனா நிற்கும் கால்கள்தான் முக்கிய விசைப்பாதை. 0.5-இல் அறுந்து 0.3-இல் ஒட்டிக்கொள்ளும் கால் சாம்பல் நிறப் பகுதி. அது ஏதோ ஒரு சுமையைக் கொஞ்சம் தாங்குது, அறுந்து தெரியுதுன்னு அழிச்சிடாதீங்க. ஸ்லைடரை எவ்வளவு இறக்கினாலும் எதிலும் ஒட்டாமல் மிதக்கும் துண்டு எந்த விசையையும் கடத்தலை, அதை எடுத்துடலாம்.

அடுத்து, பின்னிலிருந்து போல்ட் வரை ஒவ்வொரு காலையும் விரலால் தொடர்ந்து போங்க. இது எந்தச் சுமைக்காக இருக்கு? தெரியலைன்னா ஒரு லோட் கேஸை நிறுத்திவிட்டு மறுபடி ஓட்டுங்க. முறுக்கை எடுத்துவிட்டால், இரண்டு காதுப் பக்கங்களையும் இணைக்கும் குறுக்குக் கால்கள் மெலிந்துபோகும், இல்லைன்னா காணாமலே போகும். முறுக்கு ஒரு காதை ஒரு பக்கமும் மற்றதை எதிர்ப்பக்கமும் தள்ளும். அதைத் தடுக்கத்தான் அந்தக் கால்கள் இருந்தன.

ஆபத்தும் இங்கேதான். முறுக்கு இல்லாத உருவமும் பார்க்க அழகா, நம்பும்படி இருக்கும். சாஃப்ட்வேர் எச்சரிக்காது. நீங்க சொல்லாத சுமைக்கு அது எதையும் மிச்சம் வைக்காது. விசித்திரமா சுத்தமா ஒரு உருவம் வந்தால், நான் முதலில் லோட் கேஸ் பட்டியலைத்தான் திறந்து பார்ப்பேன்.

கடைசியா, இந்த உருவத்தில் தெரியும் ஸ்ட்ரெஸ் எண்களை நம்பாதீங்க. மேற்பரப்பு படிக்கட்டு மாதிரி இருப்பதால் மூலைகளில் சிவப்புப் புள்ளிகள் தோன்றும், மெஷ்ஷை மாற்றினால் அவையும் மாறும். தவிர, நாம கேட்டது விறைப்பை, ஸ்ட்ரெஸ்ஸை அல்ல. அதனால் உருவத்தை அடியில் வைத்து, அதன்மேல் கேடில் வழுவழுப்பான கால்களை வரைவேன், சந்திப்புகளை வளைவாக்குவேன். அந்தப் புது வடிவத்தில் நாலு சுமைகளையும் தனித்தனியாகச் சோதிக்கணும். போட்டி கொடுத்த எல்லை சுமார் 903 மெகாபாஸ்கல், அதற்கு மேல் போனால் உலோகம் பழைய வடிவத்துக்குத் திரும்பாது. அதைத் தாண்டும் சந்திப்பைத் தடிமனாக்கணும், வெகு கீழே இருக்கும் காலை மெலிதாக்கலாம். அமுக்கப்படும் மெல்லிய கால் பக்கவாட்டில் வளைந்து மடங்குமா என்பதையும் தனியாகப் பாருங்க. விறைப்பை மட்டும் பார்க்கும் கணக்குக்கு அது கண்ணில் படாது.