'போன வாரம் பேசினோமே, ஞாபகம் இருக்கா?': மறதி உள்ள பெரியவரிடம் கேட்க வேறு வழிகள்

வயதான அம்மாவுக்கு வலது கண்ணில் புரை. போன வாரம் மகள் போனில் பேசி, வியாழக்கிழமை அறுவை சிகிச்சை என்று முடிவாகிவிட்டது. இந்த வாரம் மீண்டும் கூப்பிட்டு, "போன வாரம் என்னம்மா பேசினோம்?" என்று கேட்கிறாள். "நீ எங்கே பேசினே? யாரும் ஒண்ணும் சொல்லலையே" என்கிறார் அம்மா. "அய்யோ, அரை மணி நேரம் பேசினோமேம்மா!" என்று மகள் குரல் உயர்கிறது. அம்மா மௌனமாகிவிடுகிறார். அன்றைக்கு அந்தப் பேச்சு அதோடு நின்றுவிடும்.

இங்கே குறை அம்மாவிடம் மட்டும் இல்லை, கேள்வியிலும் இருக்கிறது. முதுமை மறதி உள்ளவர்களிடம் எதை, எந்த வார்த்தையில் கேட்கலாம் என்பதற்கான குறிப்புகள் இவை. இதே கண் சிகிச்சையையே எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வோம்.

1. அந்தக் கேள்வி ஏன் தோற்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்.

"போன வாரம் என்ன பேசினோம்?" என்பதில் பிடித்து ஏற ஒரு கொம்புகூடக் கிடையாது. எந்த நாள், யாரோடு, எதைப் பற்றி என்ற மூன்றையும் கேட்கப்பட்டவரே தேடி எடுக்க வேண்டும். குறிப்பு எதுவும் இல்லாமல் தானாக நினைவுகூர்வது, நோயே இல்லாத முதியவருக்கும் வயதோடு கடினமாகிக்கொண்டு வரும். ஆனால் ஒன்றைச் சொன்னால் "ஆமா, அதுதான்" என்று அடையாளம் காணும் திறன் அவ்வளவு குறைவதில்லை.

அல்சைமர் நோயில் நிலைமை வேறு. புதிய நிகழ்ச்சிகளைப் பதிந்து வைக்கும் மூளைப் பகுதியான ஹிப்போகாம்பஸ் ஆரம்பத்திலேயே பாதிக்கப்படுகிறது. அதனால் போன வாரப் பேச்சு சரியாகப் பதிந்தே இருக்காது. நாற்பது வருடத்துக்கு முந்தைய கல்யாணத்தில் பந்தியில் என்ன பரிமாறினார்கள் என்று சொல்பவருக்கு நேற்றைய போன் பேச்சு தெரியாமல் போவது இதனால்தான். "பழசெல்லாம் ஞாபகம் இருக்கு, இது மட்டும் எப்படி மறக்கும்?" என்று சந்தேகப்படுவது அவருக்குச் செய்யும் அநியாயம்.

2. கேட்பதற்கு முன், உங்களுக்கு என்ன வேண்டும் என்று முடிவு செய்யுங்கள்.

போன வாரப் பேச்சைக் கேட்பவர்களுக்கு உண்மையில் அந்தப் பேச்சு தேவைப்படாது. தேவை மூன்றில் ஒன்றாக இருக்கும். ஒரு தகவல் வேண்டும் (ஆஸ்பத்திரி அட்டை எங்கே?), ஒரு சம்மதம் வேண்டும் (வியாழக்கிழமை வர முடியுமா?), அல்லது ஒரு வேலை நடந்திருக்க வேண்டும் (டாக்டர் தந்த சொட்டு மருந்தைப் போட்டாயா?). அந்தத் தேவையையே நேராகச் சொல்லிவிட்டால் ஞாபகத்துக்குப் பரீட்சை வைக்க வேண்டியதில்லை. "போன வாரம் அட்டையை எங்கே வைக்கிறதா சொன்னே?" என்பதற்குப் பதில், "அம்மா, கண் ஆஸ்பத்திரி அட்டை வேணும். பீரோ மேல்தட்டைப் பாக்கறியா?" என்று கேளுங்கள். அம்மா பார்த்துச் சொல்லிவிடுவார். நினைவு கைவிட்ட இடத்தில் கண்ணும் கையும் உதவும்.

3. பேச்சின் சாரத்தை நீங்களே சொல்லித் தொடங்குங்கள்.

"ஞாபகம் இருக்கா?" என்ற இரண்டு சொல்லையும் விட்டுவிடுங்கள். "அம்மா, வலது கண்ணுல புரை இருக்கு. எடுத்துட்டா நல்லா தெரியும்னு டாக்டர் சொல்லியிருக்கார். வியாழக்கிழமை காலையில போகணும்" என்று முதல் முறை சொல்வதுபோல் சொல்லுங்கள். நினைவில் இருந்தால் "தெரியுமே" என்பார். இல்லாவிட்டால் புதிய செய்தியாகக் கேட்டுக்கொள்வார். இரண்டிலும் அவருக்குக் கூச்சம் இல்லை, உங்களுக்கு வேலை நடக்கிறது.

ஒரு வாக்கியத்துக்கு ஒரு செய்தி போதும். சொல்லிவிட்டு, மனதுக்குள் பத்து எண்ணும் வரை காத்திருங்கள். பதில் உருவாக நேரம் பிடிக்கும். இடையில் கேள்வியை வேறு வார்த்தையில் மாற்றினால் அவர் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். டி.வி.யை அணைத்துவிட்டு முகத்துக்கு நேராக உட்கார்ந்து பேசுங்கள். மறதி என்று நாம் நினைப்பதில் ஒரு பங்கு, சரியாகக் காதில் விழாததாகவும் இருக்கலாம்.

4. கிழமையை வைத்துக் கேட்காதீர்கள், நிகழ்ச்சியை வைத்துக் கேளுங்கள்.

ஒன்று நடந்தது நினைவில் இருந்தாலும், எப்போது நடந்தது என்பது முதலில் நழுவிவிடும். வீட்டிலேயே இருக்கும் பெரியவருக்குத் திங்களும் வெள்ளியும் ஒன்றுபோலத்தான் போகும். "போன வாரம்" என்பது அவருக்கு எல்லையே இல்லாத இடம். "பிரதோஷத்துக்குக் கோயிலுக்குப் போயிட்டு வந்தியே, அன்னைக்கு ராத்திரி கண் டாக்டர் பத்திப் பேசினோம்" என்று சொன்னால் பிடித்துக்கொள்ள ஓர் இடம் கிடைக்கிறது. அப்படிச் சொல்லியும் பிடிபடாவிட்டால், இன்னொரு குறிப்பு, அதற்கு மேல் இன்னொன்று என்று அடுக்க வேண்டாம். மேலே மூன்றாம் எண்ணில் சொன்னபடி சாரத்தைச் சொல்லிவிட்டு மேலே போங்கள்.

5. திறந்த கேள்வியை இரண்டில் ஒன்றாகச் சுருக்குங்கள்.

"ஆஸ்பத்திரிக்கு யார் கூட வரணும்னு சொன்னே?" என்று அம்மாவிடம் கேட்டால் அவர் தடுமாறலாம். "அம்மா, உன் கூட நான் வரட்டுமா, தம்பி வரட்டுமா?" என்று கேட்டால் பதில் கேள்விக்குள்ளேயே இருக்கிறது. சிலர் எப்போதும் கடைசியாகக் கேட்ட சொல்லையே திருப்பிச் சொல்வார்கள். அது விருப்பமா, எதிரொலியா என்று அறிய, சற்று நேரம் கழித்து வரிசையை மாற்றிக் கேட்டுப் பாருங்கள். இரண்டு முறையும் ஒரே பதில் வந்தால் நம்பலாம். இரண்டில் ஒன்றைத் தேர்வதும் கடினமாகிவிட்ட நிலையில் இருப்பவரிடம், "நான் வரட்டுமா?" என்று ஆமாம், இல்லையில் முடியும் ஒரு கேள்வி போதும்.

6. சம்மதத்தைப் பழைய பேச்சிலிருந்து எடுக்காதீர்கள்.

"நீயேதானே சரின்னே!" என்பது இந்த வீடுகளில் அதிகம் காயப்படுத்தும் வாக்கியம். தான் சொன்னதாகத் தெரியாத ஒன்றுக்குத் தன்னைக் கட்டிப்போடுகிறார்கள் என்ற பயம்தான் அவருக்கு வரும். காரணத்தைச் சுருக்கமாகச் சொல்லி, இன்றைய சம்மதத்தை இன்றே கேளுங்கள். போன வாரம் நடந்த பேச்சு மறந்திருந்தாலும், செய்தியை எதிரில் வைத்துக் கேட்டால் தனக்கு என்ன வேண்டும் என்று சொல்லக்கூடியவர்கள் பலர் உண்டு. ஒவ்வொரு முறையும் "வேண்டாம், பயமா இருக்கு" என்று வருகிறது என்றால் அதுதான் அவர் மனம். அந்தப் பயத்தைப் பற்றிப் பேசுங்கள், டாக்டரிடமும் சொல்லுங்கள். சொத்து, கையெழுத்து, வங்கி விஷயங்களில் இது இன்னும் முக்கியம். மறந்துபோன ஒரு "சரி"யை ஆதாரமாக வைத்து எந்தக் காரியமும் செய்யக்கூடாது.

7. நடக்காத ஒன்றைச் சொன்னால் பொய் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

"டாக்டர்தான் வேண்டாம்னு சொல்லிட்டாரே" என்று அம்மா உறுதியாகச் சொல்லலாம். நினைவில் இருக்கும் இடைவெளியை மூளை தானாகவே நிரப்பிக்கொள்கிறது. சொல்பவருக்கு அது உண்மையாகவே தோன்றும். வற்புறுத்தி "என்ன பேசினோம், சொல்லு" என்று கேட்கும்போதுதான் இது அதிகம் வரும். மறுத்து வாதாட வேண்டாம். "அப்படியா? சரி, சீட்டுல என்ன எழுதியிருக்குன்னு சேர்ந்து பாப்போம்" என்று மருந்துச் சீட்டை எடுத்து அவர் கையில் கொடுங்கள்.

வாதம் மறந்துபோகும், அது தந்த வருத்தம் போகாது. அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், அல்சைமர் நோயாளிகளுக்குச் சோகமான, மகிழ்ச்சியான படக்காட்சிகளைக் காட்டினார்கள். காட்சிகள் பெரும்பாலும் மறந்துபோன பிறகும், அவை எழுப்பிய உணர்ச்சி அவர்களிடம் நீடித்தது. காலையில் அதட்டினால், காரணம் தெரியாமலே அம்மா மத்தியானம் வரை முகம் வாடி இருப்பதும் இப்படித்தான்.

8. பேச்சு முடிந்த கையோடு எழுதிவிடுங்கள், எழுதியதைப் பார்க்கப் பழக்குங்கள்.

ஒரு நோட்டு, ஒரே இடம். பூஜை அலமாரிக்குப் பக்கத்தில் தொங்கவிட்டால் தினம் கண்ணில் படும். தேதி, கிழமை, நேரம், யார், என்ன வேலை என்று பெரிய எழுத்தில் எழுதுங்கள். "கண் விஷயம் பேசினோம்" என்று எழுதினால் பயனில்லை. "வியாழன் காலை 8 மணி. வலது கண் ஆபரேஷன். மகள் வந்து கூட்டிப்போவாள். அட்டையும் மாத்திரைச் சீட்டும் பையில் இருக்கின்றன" என்று எழுத வேண்டும். போனில் பேசினால், மறுமுனையில் வீட்டில் இருக்கும் ஒருவர் எழுதிக்கொள்ளட்டும்.

நோட்டு இருப்பதே மறந்துவிடுகிறதா? அதைப் பழக்க ஒரு முறை உண்டு. "ஏதாவது சந்தேகம்னா எதைப் பாக்கணும்?" என்று கேட்டு, "பச்சை நோட்டு" என்ற பதிலையும் நீங்களே சொல்லி, உடனே அவரைச் சொல்லச் செய்யுங்கள். அரை நிமிடம் கழித்து மறுபடி கேளுங்கள். சரியாக வந்தால் ஒரு நிமிடம், அடுத்து இரண்டு, நான்கு, எட்டு என்று இடைவெளியை இரட்டிப்பாக்குங்கள். தவறினால் யோசிக்க விடாமல் பதிலை உடனே சொல்லிக்கொடுத்து, கடைசியாகச் சரியாக வந்த இடைவெளிக்குத் திரும்புங்கள். நடுவில் வழக்கம்போலப் பேசிக்கொண்டோ, கீரை ஆய்ந்துகொண்டோ இருக்கலாம். ஒரு நேரத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் பழக்க வேண்டும். ஆரம்ப, நடுத்தர நிலையில் உள்ள பலருக்கு இது பலன் தரும். நோய் முற்றிய நிலையில் எதிர்பார்க்க வேண்டாம்.

9. இந்த மாற்றங்களைக் கண்டால் மருத்துவரிடம் போங்கள்.

சாரத்தைச் சொன்னதும் "ஆமா, ஆமா" என்று மீதியை அவரே சொல்லிவிட்டால் பெரும்பாலும் கவலை குறைவு. எவ்வளவு சொல்லியும் புதிதாகக் கேட்பதுபோல் இருப்பது, ஒரே கேள்வி ஒரு மணி நேரத்தில் பலமுறை வருவது, பழகிய சமையலில் தடுமாறுவது போன்றவை மாதக்கணக்கில் தொடர்ந்தால் பரிசோதனை அவசியம். வைட்டமின் பி12 குறைவும் தைராய்டு குறைவும் மறதியைத் தரும், இரண்டையும் ரத்தப் பரிசோதனையில் கண்டுபிடித்துச் சரிசெய்யலாம். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் பல வருடமாகச் சாப்பிடுபவர்களுக்கு பி12 குறைய வாய்ப்பு அதிகம். தூக்கம் வரவழைக்கும் சளி, அலர்ஜி மாத்திரைகள் சிலவும் முதியவர்களைக் குழப்பும். ஆகவே எல்லா மாத்திரைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போய்க் காட்டுங்கள். நீங்களாக எதையும் நிறுத்த வேண்டாம்.

நேற்று வரை தெளிவாக இருந்தவர் ஓரிரு நாளில் ஆள், இடம் தெரியாமல் பேசினால் அது வழக்கமான மறதி அல்ல. சிறுநீர்த் தொற்று, நீர்ச்சத்துக் குறைவு, உடலில் உப்பு குறைதல், சர்க்கரை இறங்குதல் என்று ஏதாவது ஒரு காரணம் இருக்கும். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். பக்கவாதத்தின் அறிகுறிகளான வாய் கோணுதல், ஒரு பக்கக் கை தளர்தல், பேச்சுக் குழறல் ஆகியவற்றில் ஒன்று வந்தாலும் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் 108-ஐ அழையுங்கள். எப்போது தொடங்கியது, எந்த மாத்திரை புதிதாக வந்தது என்று டாக்டர் கேட்பார். அதற்கான பதிலைப் பெரியவரிடம் தேடாமல், நோட்டில் எழுதி வைத்திருப்பதைக் காட்டுங்கள்.