கடிகாரத்தை மீறிய கம்பி

ஆய்வுக்கூடத்தில் எளிய சுற்று ஒன்றை அமைக்க முற்பட்டேன். 7474 என்னும் சில்லில் உள்ள ஃபிளிப்-ஃபிளாப்பின் வெளியீடு Q, ஒவ்வொரு கடிகாரத் துடிப்புக்கும் 0, 1 என மாறி மாறி வரவேண்டும். அதற்கு Q-இன் எதிர்மதிப்பை D உள்ளீட்டுக்குக் கொடுத்தால் போதும். 7400 சில்லின் மூன்று நாண்ட் கேட்களைத் தொடராக இணைத்து, கடைசிக் கேட்டின் வெளியீட்டை D-க்குக் கொடுத்தேன். முதல் கேட்டின் ஓர் உள்ளீட்டில் E என்ற அனுமதிச் சைகையை வைத்தேன். மற்ற இரு கேட்களின் மீதி உள்ளீடுகள், பின்னர் வேறு நிபந்தனைகளைச் சேர்ப்பதற்காக, 1 நிலையில் இருந்தன. முதல் கேட்டின் மறு உள்ளீட்டுக்கு Q-இலிருந்து கம்பி வரவேண்டும். நானோ தவறுதலாக அதை D-இலிருந்து எடுத்துவிட்டேன்.

துடிப்பு வினாடிக்கு ஒன்று. விளக்கோ ஒழுங்கின்றி, சில துடிப்புகளில் மாறியும் சிலவற்றில் மாறாமலும் நின்றது. சில்லு பழுது என்று எண்ணி இருமுறை மாற்றினேன், பயன் இல்லை. காரணத்தைப் பின்வருமாறு ஆராய்வோம்.

E = 1 ஆனதும் மூன்று கேட்களும் சேர்ந்து ஒரு தலைகீழாக்கியாகின்றன. கம்பி D-இலிருந்தே வருவதால், சுற்றின் சமன்பாடு D = D-இன் எதிர்மதிப்பு என்றாகிறது. 0, 1 இரண்டுமே இதற்கு விடையல்ல. ஆகவே சைகை ஓயாமல் வளையத்தைச் சுற்றுகிறது. ஒரு கேட்டின் தாமதம் சுமார் 10 நானோ வினாடி எனக் கொண்டால், ஒரு சுற்றுக்கு 30 நானோ வினாடி; 0-இலிருந்து 1-க்குப் போய்த் திரும்ப 60. அலைவெண் ஏறத்தாழ 16.7 மெகா ஹெர்ட்ஸ்! கடிகாரத்துக்கும் இதற்கும் தொடர்பே இல்லை.

7474 சரியாக இயங்க, துடிப்பின் ஏற்ற முனைக்கு முன் 20, பின் 5 என மொத்தம் 25 நானோ வினாடி D மாறாமல் இருக்கவேண்டும். இங்கே D நிலையாக இருப்பதோ 30 நானோ வினாடிதான். எனவே முனை அந்த முப்பதில் ஐந்து நானோ வினாடிக்குள் விழுந்தால் மட்டுமே நிபந்தனை நிறைவேறும். ஆறில் ஐந்து முறை அது மீறப்படுகிறது. மீறப்படாத முறையிலும் பிடிபடுவது 0-வா 1-ஆ என்பது தற்செயலே.

இனி நேரப் பகுப்பாய்வைக் காண்போம். அம்முறை ஒரு ஃபிளிப்-ஃபிளாப்பில் தொடங்கி அடுத்த ஃபிளிப்-ஃபிளாப்பில் முடியும் பாதைகளின் தாமதத்தைக் கூட்டுவது. கம்பி Q-இலிருந்து சரியாக வந்திருந்தால், அட்டவணையின் உச்ச மதிப்புகளின்படி ஃபிளிப்-ஃபிளாப்புக்கு 40, மூன்று கேட்களுக்கு 66, முன்காத்திருப்புக்கு 20. ஆக 126 நானோ வினாடி. சுமார் 8 மெகா ஹெர்ட்ஸ் வரை சுற்று நம்பத்தக்கது.

என் தவறான சுற்றில் D-க்குச் சைகை வரும் நேரத்தை t என்க. அது D-இலிருந்தே புறப்பட்டு வருவதால் t = t + 66 என்றாகும். இதற்குத் தீர்வே கிடையாது. பாதைக்கு முடிவிடமே இல்லாதபோது எதைக் கூட்டுவது?

கணினியில் இயங்கும் பகுப்பாய்வுக் கருவிகள் இந்நிலையில் வளையத்தை ஏதேனும் ஓரிடத்தில் வெட்டிவிட்டு, எஞ்சிய பாதைகளை மட்டும் கணக்கிடும். என் சுற்றில் D-இலிருந்து முதல் கேட்டுக்கு வரும் கம்பியை வெட்டினால், E-இலிருந்து D வரையிலான குறும்பாதையே மிஞ்சும். அறிக்கை அனைத்தும் சரி என்று கூறும். நோயுள்ள பகுதி அதில் இடம்பெறாது. ஆகவே நேர அறிக்கையைப் படிக்குமுன், வளையம் பற்றிய எச்சரிக்கை உள்ளதா என்று பார்த்தல் வேண்டும். விவாடோ என்னும் மென்பொருள் இதனை `LUTLP-1` என்ற பிழையாகக் காட்டும்.

வெரிலாக் மொழியிலும் இதே தவறு எளிதில் நேரும்:

```
assign d = ~(e & d);   // தவறு
assign d = ~(e & q);   // சரி
always @(posedge clk) q <= d;
```

முதல் வரியில் தாமதம் குறிக்கப்படாததால், e 0-இலிருந்து 1 ஆனதும் போலிச்செயலாக்கி ஒரே கணத்திலேயே மாறிமாறிக் கணக்கிட்டுக்கொண்டிருக்கும், நேரம் நகராது.

வளையத்தில் தலைகீழாக்கங்கள் இரட்டைப்படையில் இருந்தால் அலைவு தோன்றாமல், சுற்று பழைய மதிப்பைப் பிடித்துக்கொள்ளக்கூடும். கடிகாரம் அறியாத நினைவகம் அது. அதுவும் பகுப்பாய்வை அவ்வாறே குழப்பும்.

மேசையின்மேல் இதைக் கண்டறிய ஒரு வழி உண்டு. கடிகாரத்தை நிறுத்திவிடுக. ஒத்தியங்கும் சுற்றாயின் எல்லாக் கம்பிகளும் அமைதியடையும். நான் நிறுத்தியபின் D-இல் மீட்டரை வைத்தேன். E = 0 எனில் உயர்நிலை தெளிவாகத் தெரிந்தது. E = 1 ஆக்கியதும் உயர்நிலையுமல்லாத, தாழ்நிலையுமல்லாத ஓர் இடைமதிப்பில் முள் நின்றது. அப்போதுதான் கம்பியைக் கையால் பின்தொடர்ந்து சென்றேன். புறப்பட்ட இடத்துக்கே அது திரும்பியது, வழியில் ஒரு ஃபிளிப்-ஃபிளாப்பையும் தொடாமல். கம்பியை Q-க்கு மாற்றினேன். விளக்கு துடிப்புக்குத் துடிப்பு மாறி எரிந்தது.