மூன்று மாதக் கணக்கைக் கடைக்கார அக்காவிடம் எப்படிச் சொல்வது?



கடை வைத்திருக்கும் உறுப்பினர்களுக்கு மூன்று மாதக் கணக்கைக் கம்ப்யூட்டரில் ஒரே பக்கமாகச் சுருக்கித் தருகிறோம். இதைத்தான் டேஷ்போர்டு என்கிறார்கள். "என் நோட்டுல இருக்கிறதுதான் கணக்கு, இந்தத் தாளை யார் நம்புறது?" என்று கேட்பவர்கள் உண்டு. கேட்பது நியாயம்தான். எனவே தாளை எடுப்பதற்கு முன் அவருடைய நோட்டை எடுக்கச் சொல்லுங்கள். தேவனாம்பட்டினத்து மளிகைக் கடை ஒன்றை உதாரணமாக வைத்து, ஏப்ரல் முதல் ஜூன் வரையான கணக்கைப் பேசுவோம்.

முதலில்: "அக்கா, உங்க நோட்டுல ஏதாவது ஒரு நாளைக் காட்டுங்க. அந்த நாளு இந்தத் தாள்ல எங்க இருக்குன்னு நான் காட்டுறேன்." தேதியை அவரே தேர்ந்தெடுக்கட்டும். இரண்டு, மூன்று நாள் ஒத்துப் போனால் தாள் தன் நோட்டின் நகல்தான் என்று அவருக்கே தெரியும். ஒத்துப் போகவில்லை என்றால் பேச்சை நிறுத்தி, முதலில் அதைத் திருத்துங்கள்.

அடுத்து விற்பனை: "ரொக்கத்துக்கு வித்தது 60,000, கடனுக்கு வித்தது 15,000. ஆக மொத்தம் 75,000 ரூபாய். கடன் திரும்பி வந்த 9,000 வித்த அன்னிக்கே கணக்குல வந்துடுச்சு, அதனால மறுபடி சேர்க்கலை." இதைச் சேர்த்து 84,000 என்று எழுதுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு.

பிறகு லாபம்: "ஆரம்பத்துல இருந்த சரக்கு 12,000, வாங்கினது 61,000, கடைசியில மிச்சம் 10,000. அப்போ வித்த சரக்கோட அடக்கம் 63,000. வித்தது 75,000. வாடகை, கரண்டு 3,000 போக லாபம் 9,000."

உடனே அக்கா கேட்பார்: "கையில 5,000தானே கூடியிருக்கு?" நம்பிக்கை வருவதும் போவதும் இந்த இடத்தில்தான். பதில் இது: "கடனுக்குக் கொடுத்தது 15,000, வந்தது 9,000. இன்னும் 6,000 வெளியில நிக்குது. சரக்கு 2,000 குறைஞ்சு அது காசா மாறியிருக்கு. 5,000த்தோட 6,000 கூட்டி 2,000 கழிச்சா 9,000." இந்தக் கூட்டலை அவரே போட்டுப் பார்க்கட்டும். கணக்கு இடித்தால், வீட்டுச் செலவுக்குக் கல்லாவிலிருந்து எடுத்த பணமோ, எழுதாமல் எடுத்த அரிசி, எண்ணெயோ காரணமா என்று கேளுங்கள்.

கடைசியாக ஒப்பீடு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு மீன்பிடித் தடைக்காலம். அப்போது ஊரில் பணப்புழக்கம் குறையும், கடன் ஏறும். இந்தக் கணக்கை ஜனவரி–மார்ச்சோடு ஒப்பிட்டால் கடை நொடிந்தது போலத் தெரியும். போன வருஷம் இதே மூன்று மாதத்தோடுதான் ஒப்பிட வேண்டும்.

முடிக்கும்போது அறிவுரை வேண்டாம். "வெளியில நிக்கிற 6,000ல யாருகிட்ட முதல்ல கேக்கலாம்?" என்று மட்டும் கேளுங்கள். பெயரையும் தேதியையும் அவர் தன் நோட்டில் எழுதிக்கொள்ளட்டும்.