பாடம் 9: இசை மாலைக்கு அறிவிப்புக் குறிப்பு எழுதுதல்

கழக்கூட்டத்தில் 1990ஆம் ஆண்டு டெக்னோபார்க் தொடங்கப்பட்டது. அங்கே பணிபுரிவோர் மாலையில் கூடும் காபிக் கடை ஒன்று சனிக்கிழமைதோறும் பாடகர் ஒருவரை அழைக்கிறது என்று கொள்வோம். இணையத்தில் வெளியிடும் படத்தின்கீழ்த் தமிழிலும் ஒரு குறிப்பு வேண்டும். முதல் வரைவு இது:

“இன்னிசை மழையில் நனைய வாரீர்! சனிக்கிழமை வைகறை 7 மணி முதல் நேரலை இசை. முன்பதிவு செய்தோருக்கு மட்டும் ரூ.300 கட்டணம். இடங்கள் குறைவு!”

படிக்க இனிமையாகவே உள்ளது. ஆனால் இதை நம்பி வருபவர் வாயிலில் வாதிட நேரும். ஏன் என்று காண்போம்.

மலையாளத்தில் ‘வைகுந்நேரம்’ என்பது மாலைப் பொழுது. தமிழில் ‘வைகறை’ என்பது விடியலுக்கு முந்திய பொழுது. கேரளத்தில் தமிழ் பயிலும் நீங்கள் ஒலி ஒற்றுமையைக் கண்டு மயங்கலாகாது. ‘நேரலை’ என்பதோ தொலைக்காட்சியிலும் இணையத்திலும் நிகழும் உடனடி ஒளிபரப்பைக் குறிக்கும். வீட்டிலிருந்தே பார்க்கலாம் போலும் என்று ஒருவர் எண்ணக்கூடும். ‘நேரடி இசை’ என்பதே இங்குப் பொருந்தும்.

இவற்றினும் பெரிய சிக்கல் ‘மட்டும்’ என்னும் சொல்லில் உள்ளது. அது எந்தச் சொல்லை அடுத்து வருகிறதோ அதனையே வரையறுக்கும். “முன்பதிவு செய்தோருக்கு மட்டும் ரூ.300” என்றால், பதிவு செய்யாதவர் வேறு தொகை தரவேண்டும், அல்லது ஒன்றுமே தரவேண்டியதில்லை என்று இரு பொருள் படும். “முன்பதிவு செய்தோருக்கு ரூ.300 மட்டும்” என்றால், அவர்களுக்குக் கட்டணம் குறைவு என்று பொருள். கடைக்காரர் கருதியதோ, முன்பதிவு கட்டாயம், கட்டணம் அனைவர்க்கும் ஒன்றே என்பது. அதனை இரு தொடர்களாகப் பிரித்தெழுதினால் ஐயம் எழாது.

இனி, அந்த ரூ.300 எதற்கு? ஆங்கிலத்தில் இதனைக் கவர் சார்ஜ் என்பர். இங்கே ‘கவர்’ உறையைக் குறிப்பதன்று. உணவு மேசையில் ஒருவருக்கென ஒதுக்கப்படும் தட்டும் கரண்டியும் கொண்ட இடத்தைக் குறிப்பது. இதனைச் ‘சேவைக் கட்டணம்’ என்று பெயர்த்தல் தவறு. சேவைக் கட்டணம் என்பது உணவுச் சீட்டின் இறுதியில் சேர்க்கப்படுவது. அதனைத் தாமாகவே சேர்க்கலாகாது என 2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் உணவகங்களுக்கு நெறிமுறை வகுத்தது. வழங்கிவரும் ‘கவர் சார்ஜ்’ என்னும் சொல்லையே எழுதி, அதன் விளக்கத்தை அடுத்த தொடரில் தருவதே நன்று.

விளக்கம் இன்றேல் என்னாகும்? நால்வர் வருகின்றனர். கவர் சார்ஜ் ரூ.1,200. அவர்கள் உண்டது ரூ.1,500. கவர் சார்ஜ் உணவில் கழிக்கப்படுமானால் மொத்தச் செலவு ரூ.1,500. கழிக்கப்படாதெனில் ரூ.2,700. ரூ.900க்கு மட்டுமே உண்டால்? கழிக்கும் முறையிலும் செலவு ரூ.1,200தான்; மீதி ரூ.300 திரும்பி வராது. கடைக்காரரைக் குறை கூறுவதற்கில்லை. ஒரு காபியுடன் மூன்று மணி நேரம் அமர்ந்திருப்பவரின் இருக்கை வேறொருவருக்குக் கிடைக்காதல்லவா? ஆயினும் எந்த முறை என்பதை வருபவர் முன்னரே அறிதல் வேண்டும்.

நேரத்தையும் இரண்டாகப் பிரித்தெழுதுக: கதவு திறக்கும் நேரம் ஒன்று, இசை தொடங்கும் நேரம் மற்றொன்று. முடியும் நேரமும் வேண்டும். ஒலி மாசு விதிகள், 2000 இன்படி இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி இயக்குதல் பொதுவாகக் கூடாது. மொட்டைமாடியில் பாடுவதாயின் அதற்குமுன் முடித்தாக வேண்டும்.

திருத்திய வடிவம்:

“ஜூலை 18, சனிக்கிழமை. மொட்டைமாடியில் கிதாருடன் நேரடி இசை.
கதவு திறப்பு: மாலை 6.30. இசை: இரவு 7.15 முதல் 9.30 வரை.
கவர் சார்ஜ் ஒருவருக்கு ரூ.300. இத்தொகை உணவுக் கட்டணத்தில் கழிக்கப்படும்; மீதி திருப்பித் தரப்படாது.
முன்பதிவு கட்டாயம். பதிவு செய்த இருக்கை இரவு 7.30 வரை காக்கப்படும்.”

படத்தின்கீழ் முதல் ஓரிரு வரிகளே உடனே கண்ணில் படும். ஆகவே நாளும் நிகழ்ச்சியும் முதலில் நிற்கின்றன. ‘இன்னிசை மழை’ நீங்கிவிட்டது.

பயிற்சி

1. “குழந்தைகளுக்கு மட்டும் கட்டணம் இல்லை”, “குழந்தைகளுக்குக் கட்டணம் மட்டும் இல்லை” – இவற்றின் பொருள் வேறுபாட்டை எழுதுக.
2. மூவர் கவர் சார்ஜ் செலுத்தி ரூ.1,100க்கு உண்டனர். திருத்திய குறிப்பின்படி அவர்கள் இன்னும் எவ்வளவு தரவேண்டும்?
3. இரவு 7.45க்கு வருபவர் முன்பணம் செலுத்தியிருந்தால் அது என்னாகும்? திருத்திய குறிப்பில் இதற்கு விடை இல்லை. பொருத்தமான ஒரு தொடரை எழுதிச் சேர்க்க.