மார்ச் 31 அன்று டாலர் என்ன விலை?

தாராவியில் தைக்கும் தோல் பைகள், பர்ஸ்கள், பெல்ட்டுகளில் ஒரு பகுதி நவசேவா துறைமுகம் வழியாக வெளிநாடு போகிறது. பக்கிளும் ஜிப்பும் வெளிநாட்டிலிருந்து வருகின்றன. சரக்கை அடுக்கிவைக்க ஆண்டாப் ஹில்லின் வடாலாப் பக்கத்துக் குடோன்கள் இருக்கின்றன. வருஷக் கணக்கை முடிக்கும் நேரத்தில் முதலாளிக்கும் ஆடிட்டருக்கும் இடையே ஒரு வாக்குவாதம் தவறாமல் வரும். டாலரில் பில் போட்டு இன்னும் பணம் வராத பாக்கியை, மார்ச் 31 அன்று ரூபாயில் என்ன மதிப்புக்குக் காட்டுவது என்பதுதான் அது. இதைச் சுற்றிச் சில நம்பிக்கைகள் நன்றாக வேர்விட்டிருக்கின்றன.

பேசுவதற்கு ஒரு பட்டறையை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். தாராவியில் தையல், ஆண்டாப் ஹில்லில் குடோன். தொகைகளும் பில் போட்ட நாளின் விகிதங்களும் நான் கணக்குக்காக வைத்தவை. 2025 மார்ச் இறுதி விகிதம் மட்டும் நிஜமானது.

பிப்ரவரியில் 20,000 டாலருக்குப் பைகள் அனுப்பி, டாலருக்கு 87 ரூபாய் வீதம் 17,40,000 ரூபாய் விற்பனை எழுதியாயிற்று. ஜனவரியில் 8,000 டாலருக்கு ஜிப், பக்கிள் இறக்குமதி. 86 ரூபாய் வீதம் 6,88,000 ரூபாய் கடன். அதற்கும் முன்னால், நவம்பரில், ஒரு தையல் இயந்திரத்துக்கு முன்பணமாக 3,000 டாலர் அனுப்பியிருக்கிறார்கள். விகிதம் 84.50, ரூபாயில் 2,53,500. மார்ச் 31 வரை பைகளுக்குப் பணம் வரவில்லை, பக்கிளுக்குப் பணம் போகவில்லை, இயந்திரமும் வந்து சேரவில்லை.

நம்பிக்கை: “டாலர் ஏறிக்கொண்டேதான் போகும். ஏற்றுமதிக்காரனுக்கு வருஷக் கடைசியில் லாபம்தான்.”

பல வருஷங்களை ஒன்றாகப் பார்த்தால் ரூபாய் இறங்கித்தான் வந்திருக்கிறது. 2024 மார்ச் இறுதியில் டாலர் 83.37, அடுத்த மார்ச் இறுதியில் 85.58. ஆனால் பாக்கியை மறுமதிப்பு செய்யும்போது ஒப்பிடுவது போன மார்ச்சுடன் அல்ல, அந்த பில்லைப் பதிந்த நாளுடன். 2025 பிப்ரவரியில் டாலர் 87 ரூபாயைத் தாண்டியது. மார்ச்சில் ரூபாய் மீண்டு 85.58க்கு வந்தது. வருஷம் முழுவதையும் பார்த்தால் டாலர் ஏறியிருக்கிறது. பிப்ரவரி பில் வைத்திருப்பவருக்கோ இறங்கியிருக்கிறது.

நம் பட்டறையின் 20,000 டாலர் மார்ச் 31 அன்று 17,11,600 ரூபாய்தான். 28,400 ரூபாய் நஷ்டம். பக்கிள்காரருக்குக் கொடுக்கவேண்டிய 8,000 டாலரின் மதிப்பு 6,84,640 ரூபாய். அங்கே 3,360 ரூபாய் லாபம். இரண்டையும் சேர்த்தால் நிகர நஷ்டம் 25,040. பதிவு எளியதுதான். செலாவணி நஷ்டத்தில் 28,400 பற்று, வாங்குபவர் கணக்கில் அதே தொகை வரவு. பக்கிள்காரர் கணக்கில் 3,360 பற்று, செலாவணி லாபத்தில் வரவு. பார்ட்டி கணக்கின் டாலர் தொகை ஒரு சென்ட்கூட மாறாது. மாறுவது ரூபாய் மட்டுமே. விற்பனைத் தொகையிலும் கை வைக்கக் கூடாது. விற்ற நாளில் அது 17,40,000. அது அப்படியே நிற்கும்.

நம்பிக்கை: “ஷிப்பிங் பில்லில் இருக்கும் விகிதமே சரியான விகிதம்.”

சுங்கத் துறை அறிவிக்கும் விகிதம் வரிக்கும் சுங்க மதிப்புக்கும் உரியது. இறக்குமதிக்கு ஒன்று, ஏற்றுமதிக்கு ஒன்று என்று அது இரண்டாக இருக்கும். அறிவித்த பிறகு அடுத்த அறிவிப்பு வரை மாறாமல் நிற்கும். மார்ச் 31 அன்று சந்தையில் டாலர் என்ன விலை என்று அது சொல்லாது. கணக்குத் தரம் ஏ.எஸ். 11 கேட்பது அந்த நாளின் இறுதி விகிதத்தை. பெரிய கம்பெனிகளுக்கான இண்ட் ஏ.எஸ். 21 கேட்பதும் அதையே.

நடைமுறையில் எல்லோரும் எடுப்பது எஃப்.பி.ஐ.எல். வெளியிடும் குறிப்பு விகிதத்தை. 2018 ஜூலை வரை இதை ரிசர்வ் வங்கி கணக்கிட்டு வெளியிட்டது. பிறகு அந்தப் பொறுப்பு இதே மும்பையில் உள்ள இந்த நிறுவனத்துக்கு மாறியது. 2025இல் மார்ச் 29, 30 சனி, ஞாயிறு. 31 ரம்ஜான் பண்டிகை. அதனால் 28 வெள்ளிக்கிழமை வந்த 85.5814தான் அந்த வருஷத்தின் கடைசி விகிதம். ஏப்ரல் முதல் வாரத்தில் வந்த விகிதத்தை எடுத்துவிட்டு “ஒரு வாரம்தானே” என்று சொல்லும் கணக்கர்கள் உண்டு. அந்த ஒரு வார ஏற்றஇறக்கம் அடுத்த வருஷத்துக்குச் சொந்தமானது.

வங்கி தரும் விகிதத்தை எடுக்கலாமா என்று அடுத்த கேள்வி வரும். வங்கி டாலரை ஒரு விலைக்கு வாங்கும், இன்னொரு விலைக்கு விற்கும். இரண்டுக்கும் நடுவில் அதன் லாபம் இருக்கிறது. பணம் உண்மையில் வந்துசேரும் நாளில் வங்கி கொடுத்த விகிதமே பேசும். பாக்கியாக நிற்கும்போது நடுவான குறிப்பு விகிதம் போதும், அதையே வருஷா வருஷம் பின்பற்ற வேண்டும். லாபம் வேண்டிய வருஷம் ஒன்று, நஷ்டம் வேண்டிய வருஷம் வேறொன்று என்று எடுத்தால் ஆடிட்டர் முதலில் பிடிப்பது அதைத்தான்.

நம்பிக்கை: “டாலரில் எழுதிய எல்லாவற்றையும் புது விகிதத்துக்கு மாற்ற வேண்டும்.”

அதிகம் தவறு நடக்கும் இடம் இது. அந்த இயந்திர முன்பணத்தைப் பாருங்கள். டேலியில் அது டாலர் கணக்காகவே திறந்திருக்கிறது. மார்ச் 31 விகிதத்தில் பார்த்தால் 2,56,740 ரூபாய். 3,240 ரூபாய் லாபம் என்று எழுதத் தோன்றும். எழுதக் கூடாது. அந்த 3,000 டாலர் திரும்பி வரப்போவதில்லை, அதற்குப் பதிலாக இயந்திரம் வரப்போகிறது. டாலர் நூறு ரூபாயானாலும் அந்த முன்பணத்துக்கு வரும் இயந்திரம் அதேதான். ஏ.எஸ். 11 மறுமதிப்பு செய்யச் சொல்வது, இத்தனை டாலர் என்று பணமாக வரவேண்டியதையும் பணமாகக் கொடுக்கவேண்டியதையும் மட்டுமே. பொருளாகவோ சேவையாகவோ தீரும் முன்பணம், குடோனில் இருக்கும் இறக்குமதிச் சரக்கு, ஏற்கெனவே வந்து ஓடிக்கொண்டிருக்கும் இயந்திரம் ஆகியவை பதிந்த நாளின் ரூபாயிலேயே இருக்கும். வெளிநாட்டு வாடிக்கையாளர் அனுப்பிய முன்பணத்துக்கும் அதே விதி. அதைத் தீர்ப்பது நாம் அனுப்பும் பைகள்தான்.

ஒரே ஒரு திருப்பம் உண்டு. இயந்திரக்காரர் ஆர்டரை ரத்து செய்து, பணத்தைத் திருப்பித் தருகிறேன் என்று ஒப்புக்கொண்டால் அந்த 3,000 டாலரின் குணமே மாறிவிடுகிறது. இப்போது அது பணமாக வரவேண்டிய பாக்கி. மார்ச் 31 அன்று மறுமதிப்பு உண்டு. ஆகவே பெயரைப் பார்த்து முடிவெடுக்க முடியாது. டேலியில் “அட்வான்ஸ்” என்ற தலைப்பில் கிடக்கும் ஒவ்வொரு பாக்கிக்கும், இது எப்படித் தீரப்போகிறது என்று ஆளைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

வெளிநாட்டுச் செலாவணியாகவே வங்கியில் வைத்திருக்கும் இ.இ.எஃப்.சி. கணக்கைப் பல பட்டறைகளில் மறந்துவிடுகிறார்கள். பில் இல்லை, பார்ட்டி இல்லை, அதனால் கண்ணில் படுவதில்லை. அதுவும் டாலர் பணம்தான், அதற்கும் 85.58தான்.

நம்பிக்கை: “கையில் வராத நஷ்டம் கற்பனை. இன்கம்டாக்ஸ்காரர் ஒத்துக்கொள்ள மாட்டார்.”

“அண்ணாச்சி, இது பேப்பர் நஷ்டம், எழுதாதீங்க” என்று சொல்லிக்கொடுக்கும் நலம்விரும்பிகள் ஊரில் நிறைய. இந்தக் கேள்விக்கு 2009இலேயே உச்ச நீதிமன்றம் பதில் சொல்லிவிட்டது. உட்வர்ட் கவர்னர் இந்தியா வழக்கில், அன்றாட வியாபாரத்தைச் சேர்ந்த பாக்கியின் மீது வருஷ இறுதியில் வரும் செலாவணி நஷ்டம் கழிக்கத்தக்க செலவே என்று தீர்ப்பு வந்தது. பிறகு 2018 நிதிச் சட்டம், 1961 வருமான வரிச் சட்டத்தில் 43ஏஏ பிரிவைச் சேர்த்து, 2017-18 மதிப்பீட்டு ஆண்டிலிருந்தே பொருந்தும்படி வைத்தது. இந்த வித லாபத்தையும் நஷ்டத்தையும் வருமானக் கணக்கீட்டுத் தரங்களின்படி அந்த வருஷத்திலேயே கணக்கில் எடுக்க வேண்டும் என்பது அதன் சாரம். நம் உதாரணத்துக்கு இந்தச் சட்டமே பொருந்தும்.

நலம்விரும்பிகள் சொல்லாத பாதி ஒன்று இருக்கிறது. நஷ்டத்தை ஏற்றுக்கொள்ளும் அதே விதி, டாலர் ஏறிய வருஷத்தில் கைக்கு வராத லாபத்துக்கும் வரி கேட்கும். நஷ்டத்தை எழுதிவிட்டு லாபத்தை மட்டும் “பணம் வந்ததும் பார்க்கலாம்” என்று ஒதுக்க முடியாது. வெளிநாட்டிலிருந்து வாங்கிய இயந்திரத்துக்கான கடன் இதில் சேராது. வரிக் கணக்கில் அதற்கு 43ஏ என்று தனிப் பிரிவு உண்டு. அங்கே பணம் உண்மையில் கட்டும்போதுதான் வேறுபாடு இயந்திரத்தின் விலையில் சேரும். புத்தகத்துக்கும் வரிக்கும் வழி பிரியும் இடம் அது. பட்டறைக்காரர் இதை ஆடிட்டரிடம் விட்டுவிடுவது நல்லது.

நம்பிக்கை: “மார்ச் 31 பதிவு போட்டாச்சு, வேலை முடிந்தது.”

பாதி வேலைதான் முடிந்திருக்கிறது. பைகளை வாங்கியவர் மே மாதம் 20,000 டாலர் அனுப்புகிறார், வங்கி 85.20 தருகிறது என்று வைப்போம். கைக்கு வந்தது 17,04,000. புத்தகத்தில் பாக்கி 17,11,600. புது வருஷத்தின் நஷ்டம் 7,600 மட்டுமே. பழைய வருஷத்தின் 28,400ஐயும் இதையும் கூட்டினால் 36,000. டாலருக்கு 1.80 ரூபாய் விழுந்தது, 20,000 டாலர், கணக்கு ஒத்துப்போகிறது.

சில அலுவலகங்களில் ஏப்ரல் 1 அன்று பழைய பதிவைத் திருப்பிவிடுவார்கள். அப்படிச் செய்தால் புது வருஷத்தில் முதலில் 28,400 லாபமாக வரும், பிறகு பணம் வரும்போது 36,000 நஷ்டம். நிகரம் அதே 7,600. இடையில் ஏப்ரல் மாதக் கணக்கைப் பார்த்துவிட்டு ஒரு முதலாளி சந்தோஷப்படுவார், அவ்வளவுதான் வித்தியாசம். இரண்டு வழியும் சரி.

விபத்து எங்கே என்றால், பதிவைத் திருப்பாமலும் விட்டு, பணம் வந்ததும் பழைய 87 ரூபாய் பில்லுக்கு எதிராக அடைப்பதில். அப்போது புது வருஷத்தில் 36,000 முழுவதும் நஷ்டமாகிறது. பழைய 28,400 மறுபடியும் எண்ணப்படுகிறது. இதைக் கண்டுபிடிக்க வாங்குபவர் கணக்கைத் திறந்தால் போதும். டாலரில் பாக்கி பூஜ்யம், ரூபாயில் மட்டும் 28,400 வரவாக நிற்கும். டாலரில் ஒன்றும் இல்லாத இடத்தில் ரூபாய் நின்றால் அது பாக்கி அல்ல, தப்பு.

டேலியில் பேலன்ஸ் ஷீட்டில் `Unadjusted Forex Gain/Loss` என்று ஒரு வரி தெரிந்தால் வேலை மீதம் இருக்கிறது என்று பொருள். மென்பொருள் வேறுபாட்டைக் கணக்கிட்டுக் காட்டுகிறது, நாம் இன்னும் ஜர்னல் போட்டு அடைக்கவில்லை. அந்த ஜர்னலைப் போடும்போதும் முன்பணக் கணக்கு அதற்குள் நுழைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். டாலர் இருந்தால் போதும், மென்பொருள் அதையும் சேர்த்துக்கொள்ளும்.

மிச்சமாக நிற்கும் அந்த 28,400ஐ சிலர் வருஷக் கடைசியில் “இதர வருமானம்” என்று எழுதித் தீர்க்கிறார்கள். மொத்த லாபம் சரியாகிவிடும், அதனால் யாரும் கேட்பதில்லை. ஆனால் செலாவணி நஷ்டம் 36,000 என்றும், எங்கிருந்தோ 28,400 வருமானம் என்றும் புத்தகம் சொல்லும். அதிகாரி அந்த வருமானம் எந்தப் பார்ட்டியிடமிருந்து வந்தது என்று கேட்டால், காட்டுவதற்கு ஒரு பில்கூட இருக்காது.