மூன்று கம்பியில் ஒரு டிவி ஏரியல்: கட்டுவதும் திசை அளப்பதும்

மலேசியாவில் 2019 அக்டோபர் 31-உடன் அனலாக் ஒளிபரப்பு முற்றிலும் நின்றுபோனது. இப்போது டிஜிட்டல் நிகழ்ச்சிகள் யுஎச்எஃப் அலைவரிசையில் வருகின்றன. கோபுரம் தொலைவில் இருந்தாலோ நடுவில் கட்டடங்கள் மறைத்தாலோ, வீட்டுக்குள் வைக்கும் சின்ன ஏரியல் போதாது. ஒரு திசையை மட்டும் நோக்கும் யாகி ஏரியல் வேண்டும். அதை வீட்டிலேயே கட்டலாம்.

1. அளவுகளைக் கணக்கிடுங்கள்

உங்கள் பகுதி ஒளிபரப்பின் அதிர்வெண் டிகோடரின் சேனல் தகவல் பக்கத்தில் இருக்கும். அது 554 மெகாஹெர்ட்ஸ் என்று வைத்துக்கொள்வோம். 300000-ஐ 554-ஆல் வகுத்தால் 541.5 வரும். இதுதான் மில்லிமீட்டரில் அலைநீளம். மற்ற அளவுகள் இதிலிருந்து பிறக்கும்:

- பின்கம்பி: அலைநீளம் × 0.482 = 261 மி.மீ.
- முன்கம்பி: அலைநீளம் × 0.442 = 239 மி.மீ.
- நடுவளையத்தின் நீளம்: அலைநீளம் × 0.465 = 252 மி.மீ.
- அடுத்தடுத்த இரண்டுக்கும் இடைவெளி: அலைநீளம் × 0.2 = 108 மி.மீ.

2. கட்டுங்கள்

முன்கம்பிக்கும் பின்கம்பிக்கும் 5 மி.மீ. கனமுள்ள அலுமினியக் கம்பி போதும். 60 செ.மீ. நீள மரச்சட்டத்தில் துளையிட்டு, மூன்றும் ஒன்றுக்கொன்று இணையாக நிற்கும்படி பொருத்துங்கள். இந்த அளவுகள் மரச்சட்டத்துக்கு உரியவை. சட்டம் உலோகமானால் கம்பி நீளம் மாறும்.

நடுவளையத்துக்கு 52 செ.மீ. செம்புக்கம்பி எடுத்து, 252 மி.மீ. நீளமும் 3 செ.மீ. அகலமும் உள்ள நீள்வளையமாக வளையுங்கள். கம்பியின் இரு நுனிகளும் ஒரு நீளப்பக்கத்தின் நடுவில், 2 செ.மீ. இடைவெளி விட்டு எதிரெதிரே நிற்க வேண்டும். 300 ஓமை 75 ஓமாக மாற்றும் பலூன் டிவி கடைகளில் கிடைக்கும். அதன் இரண்டு ஒயர்களையும் இந்த நுனிகளில் இணைத்து, மறுபக்கத்தில் 75 ஓம் கேபிளை மாட்டுங்கள்.

குட்டைக் கம்பி கோபுரத்தை நோக்க வேண்டும். முதுகைத் திருப்பினால்தான் சிக்னல் கூடுகிறது என்றால், முன்கம்பியும் பின்கம்பியும் இடம் மாறியிருக்கின்றன. கம்பிகள் படுக்கையாகவா, நெட்டாகவா என்பதற்கு அக்கம்பக்கத்து ஏரியல்களைப் பாருங்கள். கோபுரம் அனுப்பும் விதத்துக்கு மாறாக வைத்தால் சிக்னல் பெரிதும் குறையும்.

3. திசைதிசையாக அளந்து பாருங்கள்

கம்பத்தின் அடியில் 0 முதல் 360 பாகை வரை குறித்த அட்டையை வையுங்கள். வடக்கை 0 ஆகக் கொள்ளுங்கள். டிகோடரின் சிக்னல் பக்கத்தைத் திறந்து, ஏரியலை 30 பாகை வீதம் திருப்புங்கள். ஒவ்வொரு நிலையிலும் ஏரியலின் முன்னாலிருந்து விலகி நின்று, எண் நிலைபெற்ற பிறகு வலிமை, தரம் இரண்டையும் எழுதுங்கள்.

மூன்று கம்பி யாகியின் பார்வை சுமார் 60 பாகை அகலமானது. அதனால் உச்சத்தைச் சுற்றி எண் அதிகம் மாறாது. அந்த உச்சத்தைத் தேடுவது வீண்வேலை. சரிவைத் தேடுங்கள். 40 பாகை அருகே எண் அதிகம் என்று தெரிந்தால், அங்கிருந்து 5 பாகை வீதம் இருபக்கமும் திருப்புங்கள். இடப்பக்கம் 15 பாகையிலும் வலப்பக்கம் 75 பாகையிலும் வலிமை ஒரே அளவுக்கு இறங்கினால், கோபுரம் இரண்டுக்கும் நடுவில், 45 பாகையில் இருக்கிறது.

4. எண்களைப் படியுங்கள்

டிகோடர் காட்டும் சதவீதம் அந்தத் தயாரிப்பாளர் வைத்த அளவுகோல். 80, 40-ஐப் போல இரு மடங்கு சிக்னல் என்று பொருளில்லை. ஒரே டிகோடரில், ஒரே கேபிளில் எடுத்த எண்களை மட்டுமே ஒப்பிடலாம்.

எந்தப் பக்கம் திருப்பினாலும் 100 என்றே காட்டினால் மீட்டர் நிரம்பிவிட்டது. பூஸ்டர் இருந்தால் கழற்றுங்கள். அப்போதும் குறையாவிட்டால் கேபிளின் இடையே 10 டெசிபல் அட்டெனுவேட்டரை மாட்டுங்கள். சரிவுகள் தெரியத் தொடங்கும்.

வலிமை அதிகமாகவும் தரம் குறைவாகவும் ஒரு திசை வந்தால், அது கட்டடத்தில் பட்டுத் திரும்பும் அலையாக இருக்கலாம். ஏரியலை ஒரு மீட்டர் நகர்த்தி அளந்து பாருங்கள். திரும்பி வரும் அலையின் எண் எளிதில் ஏறியிறங்கும். நேரே வரும் அலை பெரும்பாலும் நிலையாக நிற்கும்.

5. இறுக்குங்கள்

கண்டுபிடித்த நடுத்திசையில் கிளாம்பை இறுக்கி, கேபிள் இணைப்பில் மழைநீர் புகாதபடி டேப் சுற்றுங்கள். மின்கம்பிக்கு அருகில் கம்பம் நடாதீர்கள். இடி மின்னலின்போது கூரையில் ஏறாதீர்கள். வலிமையும் தரமும் போட்டியிட்டால் தரத்தையே நம்புங்கள். படம் உடைவதும் உறைவதும் தரம் குறைவதால்தான்.